அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்

போன மாதம் எங்கள் வீட்டு கிரைண்டர் என் மனைவிக்கு ஷாக் அடித்தது. வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. எவர்சில்வர் உடம்பு வைத்த டேபிள் டாப் கிரைண்டர், இரண்டு லிட்டர், பெயர் பெற்ற கம்பெனிதான். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்று கடைசி வரை படித்தால் தெரியும்.

முதல் தடவை அவள் சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை. "ஏனுங்க, பக்கத் தகட்டைத் தொட்டா சுருக்குங்குது" என்றாள். ஈரக் கையோடு தொட்டிருப்பாய் என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினேன். மாவு அரைக்கிற பெண்ணின் கை ஈரமாக இல்லாமல் எப்படி இருக்கும் என்கிற யோசனை வரவில்லை. நான்கு நாள் கழித்து மறுபடியும் அரைக்கும்போது கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள். இந்த முறை சுருக்கு இல்லை, முழங்கை வரை இழுத்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன்.

பேத்தி அன்றைக்கே, கிரைண்டர் வாங்கிய இணையதளத்தில், அந்தச் சாமானுக்குக் கீழே நடந்ததை அப்படியே எழுதிப் போட்டாள். மாடல் பெயர், வாங்கிய தேதி, ஷாக் அடித்தது எல்லாம் இருந்தது. மறுநாள் காலையில் கம்பெனியின் பதில் அதன் கீழே வந்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்:

"அன்புள்ள வாடிக்கையாளருக்கு, தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்திற்கு வருந்துகிறோம். வாடிக்கையாளரின் திருப்தியே எங்கள் முதன்மை. தங்கள் பில் விவரத்தையும் தொடர்பு எண்ணையும் தனிச் செய்தியில் அனுப்பவும். எங்கள் குழு விரைவில் தொடர்பு கொள்ளும்."

"பாத்தீங்களா தாத்தா, உடனே மன்னிப்புக் கேட்டுட்டாங்க" என்றாள் பேத்தி. எனக்கு அதில் மன்னிப்பு எங்கேயும் தென்படவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இதில் கருத்துச் சொல்ல எனக்கு ஒரு சிறு பாத்தியதை உண்டு. பம்ப்செட் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். அதில் பதினோரு வருஷம் சர்வீஸ் பிரிவில், வருகிற புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை. இன்லேண்டு லெட்டரில், போஸ்ட் கார்டில், சில சமயம் பள்ளிக்கூடப் பையனின் கையெழுத்தில் அப்பாவுக்காக எழுதின கடிதமாக, தினம் முப்பது நாற்பது வரும். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு தயார் வாசகம் இருந்தது. "தங்கள் கடிதம் கிடைத்தது. எமது பிரதிநிதி பதினைந்து நாட்களுக்குள் தங்களைச் சந்திப்பார்." தேதியை மட்டும் மாற்றி டைப் அடித்தால் போதும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டால் அதிருகிறது என்று ஒரு விவசாயி எழுதியிருந்தார். அதற்கும் அதே பதினைந்து நாள் கடிதத்தை டைப் அடித்து மேனேஜர் கையெழுத்துக்கு வைத்தேன். படித்தவர் என்னைக் கூப்பிட்டு, "இவரு எங்க நின்னுட்டுங்க இந்தப் பெட்டியத் தொடுவாரு?" என்றார். நான் முழித்தேன். "சேத்துல. வெறுங்காலோட. பதினஞ்சு நாளைக்கு அவரு தண்ணி பாய்ச்சாம இருப்பாருன்னு நெனைக்கறீங்களா?" கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, தந்தி கொடுக்கச் சொன்னார். மோட்டாரைப் போட வேண்டாம், ஆள் நாளை வருகிறார். அவ்வளவுதான் தந்தி. வருந்துகிறோம் என்ற சொல்லே அதில் இல்லை. நான் எழுதிய பதில்களிலேயே உருப்படியான முதல் பதில் அதுதான், அதுவும் இன்னொருவர் சொல்லி எழுதியது.

அதற்கப்புறம் புகார்களை மூன்று கட்டாகப் பிரித்து வைப்பேன். ஆளுக்கு ஆபத்து உள்ளது, மெஷின் ஓடாதது, பெயின்ட் போனது கீறல் விழுந்தது மாதிரியானவை. முதல் கட்டுக்கு அன்றைக்கே பதில். அந்தப் பதிலின் முதல் வரி எப்போதும், உபயோகிப்பதை நிறுத்துங்கள் என்பதுதான்.

இப்போது அந்தக் கம்பெனியின் பதிலைத் திரும்பப் பாருங்கள். என் மனைவிக்கு நேர்ந்தது மின்சார ஷாக். அதை 'அசௌகரியம்' என்கிறார்கள். சாமான் இரண்டு நாள் தாமதமாக வந்தால் அது அசௌகரியம். 'ஏற்பட்ட' என்று எழுதும்போதே யாரால் என்பது மறைந்துபோகிறது, மழை பெய்தது போலத் தானாக ஏற்பட்டுவிட்டது. அதுவும் போதாமல் 'ஏற்பட்டிருக்கக்கூடிய'. அப்படியென்றால் நடந்ததா இல்லையா என்பதே சந்தேகம். 'வருந்துகிறோம்' என்பதைத் துக்க வீட்டிலும் சொல்லலாம், அதற்கு நாம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. 'மன்னிக்க வேண்டும்' என்பதைத் தவறு செய்தவன்தான் சொல்ல முடியும். இந்த வித்தியாசம் தமிழ் பேசும் எல்லோருக்கும் தெரியும், பதில் எழுதுகிறவர்களுக்கும் தெரியும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை வேறு. 'அதை இனிமேல் போடாதீர்கள்' என்று அந்தப் பதிலில் எங்குமே இல்லை.

அந்தக் காலத்தில் நான் எழுதிய பதிலை ஒரே ஒருவர்தான் படிப்பார். இன்றைக்கு அந்தப் பதிலின் கீழே எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று எண்ண முடியாது. அதில் பலர் அதே மாடலை வாங்கிச் சமையலறையில் வைத்திருப்பவர்கள். ஒருவருக்குச் சொல்கிற மாதிரி எழுதப்பட்டாலும் அது ஊருக்கே போடுகிற தண்டோரா. தண்டோராக்காரன் ஊர் நடுவில் நின்று 'விஷயத்தைத் தனியாக வந்து கேளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்?

கம்பெனி தரப்பையும் சொல்ல வேண்டும், நானும் அந்த நாற்காலியில் இருந்தவன்தான். சாமானைக் கண்ணால் பார்க்காமல் எங்கள் தவறுதான் என்று எந்தக் கம்பெனியும் எழுதாது, எழுதவும் கூடாது. ஷாக் அடித்தது என்றால் பாதிக்குப் பாதி வீட்டு வயரிங்கில் கோளாறு இருக்கும். எர்த் போடாத பழைய வீடுகள், மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுகிறவர்கள், இவர்களை எல்லாம் நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். எழுதின வார்த்தை நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் அத்தாட்சியாக வந்து நிற்கும் என்ற பயமும் நியாயமானதுதான்.

தனிச் செய்தியில் விவரம் கேட்பதிலும் நியாயம் உண்டு. போன் நம்பரையும் விலாசத்தையும் பொது இடத்தில் போட்டால் மோசடிக்காரன் முதலில் வந்துவிடுவான். கம்பெனியின் படத்தையும் பெயரையும் வைத்துக்கொண்டு புகார் எழுதியவர்களைத் தேடிப் பிடித்து, 'ரீஃபண்டு தருகிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள், பத்து ரூபாய் கட்டுங்கள்' என்று பேசி பேங்க் கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள். நம் வயதுக்காரர்கள் இதில் நிறையப் பேர் மாட்டியிருக்கிறார்கள். கம்பெனியின் நம்பரை பில்லிலோ வாரண்டி அட்டையிலோ பார்த்து நீங்களே கூப்பிடுங்கள், பதிலில் வருகிற நம்பரை நம்பாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

ஆக, விவரத்தைத் தனியாக வாங்கட்டும். எச்சரிக்கையையும் அடுத்து நடக்கப் போவதையும் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் எழுதட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லையே!

அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று பேத்தியிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்:

"அம்மா, எங்கள் கிரைண்டரின் உடம்பைத் தொட்டபோது உங்களுக்கு ஷாக் அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை இனி போட வேண்டாம், பிளக்கைக் கழற்றி வையுங்கள். எங்கள் சாமானால் நீங்கள் பயப்பட நேர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். நாளை மாலைக்குள் எங்கள் மெக்கானிக் வீட்டுக்கு வந்து மெஷினையும் உங்கள் சாக்கெட்டின் எர்த்தையும் இரண்டையும் சோதிப்பார், கட்டணம் கிடையாது. உங்கள் விலாசத்தைத் தனிச் செய்தியில் மட்டும் கேட்போம், பணமோ ஓ.டி.பி.யோ கேட்க மாட்டோம். சோதனையில் தெரிந்ததை இதே இடத்தில் எழுதுவோம். இதே மாடலை வைத்திருக்கும் வேறு யாருக்காவது இப்படி இருந்தால், அவர்களும் உடனே நிறுத்திவிட்டு எங்களுக்குச் சொல்லவும்."

இதில் எங்கள் தவறு என்று ஒப்புக்கொண்டது ஒன்றுமில்லை. எந்த வக்கீலும் குறை சொல்ல முடியாது. பயந்தது நிஜம், அதற்கு மன்னிப்பு. காரணம் தெரியாது, அதற்குச் சோதனை. எப்போது யார் வருவார் என்பதும் இருக்கிறது. 'விரைவில்' என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் விட்டேன். சர்வீஸ் பிரிவில் 'விரைவில்' என்றால் தேதி இல்லை என்று அர்த்தம்.

பெரிய கம்பெனியால் இப்படிப் பொதுவில் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். நம்மில் பலர் கண்ணால் பார்த்த உதாரணமே உண்டு. 2007 ஆகஸ்டில் நோக்கியா பேட்டரி வெடிக்கும் என்று ஊரெல்லாம் பீதி கிளம்பியதே, ஞாபகம் இருக்கிறதா? பி.எல்-5சி என்ற பேட்டரி. நோக்கியாவுக்காக ஜப்பானின் மட்சுஷிடா கம்பெனி 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்ததில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள், சார்ஜ் ஏறும்போது உள்ளே ஷார்ட் ஆகிச் சூடேறலாம் என்று நோக்கியாவே அறிவித்தது. அதுவரை உலகம் முழுக்க வந்த புகார் சுமார் நூறுதான். அந்த நூறு பேருக்கு மட்டும் தனியாகப் பதில் எழுதிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், எந்தக் கம்பெனி தயாரித்தது, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன ஆகும் என்பதையெல்லாம் சொன்னார்கள். பேட்டரியின் பின்பக்கத்தில் உள்ள 26 எழுத்து எண்ணைப் பாருங்கள், அது பட்டியலில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். நம் ஊரில் வதந்தி தனியாகக் கிளம்பியது வேறு கதை. ஆனால் தன் கையிலிருக்கும் பேட்டரி நல்லதா கெட்டதா என்று ஒரு மனிதன் தானே பார்த்துக்கொள்ள அந்த எண் ஒரு வழி கொடுத்தது. மன்னிப்புக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கம்பெனி சொல்வதென்றால், அது இந்த மாதிரி கையில் பிடிக்கிற விஷயமாக இருக்க வேண்டும்.

சரி, எங்கள் கிரைண்டருக்கு வருகிறேன்.

கம்பெனி ஆள் வருவதற்கு முன்னாலேயே எங்கள் தெரு எலக்ட்ரீசியன் தம்பியைக் கூப்பிட்டேன். மெஷினைத் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், வெளி ஆள் திறந்தால் வாரண்டி போச்சு என்று சொல்லிவிடுவார்கள். அவர் டெஸ்டரை வைத்தார், உடம்பில் எரிந்தது. ஆனால் டெஸ்டர் எரிவதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. அதிலுள்ள நியான் பல்பு மிகச் சிறிய கசிவுக்கும் எரியும், நல்ல மெஷினில்கூட மினுக்கும். அடுத்து, ஹோல்டரில் மாட்டிய பல்பின் ஒரு வயரை சாக்கெட்டின் ஃபேஸிலும் மறு வயரை எர்த்திலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. எங்கள் வீட்டு எர்த் உயிரோடுதான் இருக்கிறது என்று தெரிந்தது. (இதை நீங்களே செய்து பார்க்காதீர்கள், தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.)

கடைசியாகச் செய்ததுதான் முக்கியம். கிரைண்டர் பிளக்கை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் பெரிய பின்னிலும், இன்னொன்றை எவர்சில்வர் உடம்பிலும் வைத்தார். எர்த் வயர் ஒழுங்காக இருந்தால் மீட்டர் 'கீ' என்று கத்த வேண்டும். கத்தவில்லை. இரண்டு மூன்று இடத்தில் சுரண்டி வைத்துப் பார்த்தும் சத்தமில்லை.

"மெசின்லதானுங்கய்யா குத்தம், வீட்டு லைன்ல இல்லீங்க. எர்த்து உள்ளாரயே வுட்டுப்போயிருக்குதுங்க" என்றார்.

இதை பேத்தி புகாரின் கீழே சேர்த்து எழுதினாள். கூடவே, மூன்று நாளில் ஆள் வராவிட்டால் 1915-ல் பதிவு செய்வோம் என்றும் எழுதச் சொன்னேன். 1915 என்பது மத்திய அரசின் நுகர்வோர் உதவி எண். அங்கேயும் தீராவிட்டால் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். சாமானுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இந்த வரிக்குத்தான் அசைந்தார்களா, எர்த் விஷயத்துக்கு அசைந்தார்களா தெரியாது, மறுநாள் மெக்கானிக் வந்துவிட்டார்.

அவர் அடித்தட்டைக் கழற்றியதும் இரண்டு குறை தெரிந்தது. வயர் உள்ளே நுழையும் ஓட்டையில் கிராமெட் என்று சொல்கிற ரப்பர் வளையம் போடவே இல்லை. தகட்டின் விளிம்பு நேராக வயர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஏழு மாத அதிர்வில் அது வயரின் தோலை அறுத்து, உள்ளே இருந்த செம்பு தகட்டைத் தொட்டிருக்கிறது. இரண்டாவது, பச்சை வயரின் முனையில் உள்ள லக் சரியாக நசுக்கப்படாமல் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

இதில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் என் மனைவிக்கு ஷாக் அடித்திருக்காது. எர்த் சரியாக இருந்து வயர் மட்டும் அறுந்திருந்தால், மின்சாரம் எர்த்தில் இறங்கி ஃபியூஸ் போயிருக்கும். வயர் நன்றாக இருந்து எர்த் மட்டும் கழன்றிருந்தால் கடைசி வரை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அந்த இரண்டாவது வகை மெஷின்கள்தான் எனக்குக் கவலை. அதே பெஞ்சில், அதே வாரத்தில், அதே ஆள் நசுக்கிய லக் இன்னும் எத்தனை வீட்டில் தொங்குகிறதோ. ஓட்டையில் வளையம் போட மறந்தது எத்தனையோ. நிறுத்தாமல் அரைத்துக்கொண்டிருப்பார்கள்.

மெக்கானிக் நல்ல பையன், மறைக்கவில்லை. நான் கேட்டதும் சீரியல் நம்பரையும் குறித்துக்கொண்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார். ஐந்தாம் நாள் புது கிரைண்டர் வந்தது. அதையும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் பிளக்கைச் செருகினேன். 'கீ' என்று கத்தியது. கையோடு வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி.யும் மாட்டியாயிற்று. பழைய வீடு, இத்தனை நாள் மாட்டாமல் இருந்தது என் குற்றம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடும். அது இருந்திருந்தால் அன்றைக்குச் சுருக்கோடு போயிருக்கும்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலமே கம்பெனியிலிருந்து போன். நல்ல தமிழில், மரியாதையாக ஒரு பெண் பேசினார். "சார், ரீப்ளேஸ்மென்ட் கெடச்சிருச்சுங்களா? அப்ப அந்த கம்ப்ளெயின்ட்ட டெலீட் பண்ணிட முடியுங்களா?"

அவரைக் கோபித்து என்ன பயன், அவரும் என்னைப் போலத் தயார் வாசகத்தைப் படிக்கிறவர்தான். "அம்மா, எடுக்க மாட்டேன். ஆனா அதுக்குக் கீழ நீங்க என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எழுதுங்க. எந்த சீரியல் நம்பர்லேருந்து எதுவரைக்கும் செக் பண்ணணும்னு எழுதுங்க. எழுதினா உங்க கம்பெனியப் பாராட்டி நானே எழுதறேன்" என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் புகாரின் கீழே ஒரு வரி வந்தது: "தொழில்நுட்பக் குறைபாடு சரி செய்யப்பட்டு வாடிக்கையாளருக்கு மாற்றுப் பொருள் வழங்கப்பட்டது. பொறுமைக்கு நன்றி."

இதைப் படிக்கிற இன்னொரு வீட்டுக்காரருக்கு என்ன தெரியும்? ஏதோ ஒன்று இருந்தது, போய்விட்டது. அவர் வீட்டில் தொங்குகிற லக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் புது கிரைண்டர் கொடுத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நியாயமாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் பொதுவில் வந்த புகாரில் வாடிக்கையாளர் நான் ஒருவன் மட்டும் இல்லை. அந்த எண்ணம் அந்தப் பதிலில் இல்லை.

அதனால் பேத்தியை விட்டு நானே எழுதிவிட்டேன். பிளக்கைக் கழற்றி, பெரிய பின்னுக்கும் உடம்புக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள், எலக்ட்ரீசியனுக்கு இரண்டு நிமிஷ வேலை, சத்தம் வராவிட்டால் போடாதீர்கள் என்று. எங்கள் பழைய மெஷினின் சீரியல் நம்பரில் கடைசி மூன்று எண்ணை மறைத்துவிட்டு மீதியையும் போட்டேன். இங்கே கம்பெனி பெயரை எழுதாததற்குக் காரணமும் இதுதான். பெயரை எழுதினால் மற்ற கம்பெனி கிரைண்டர் வைத்திருக்கிறவர்கள் நமக்கில்லை என்று போய்விடுவீர்கள். உங்கள் வீட்டில் எந்தப் பெயர் போட்டதாக இருந்தாலும் சோதனை ஒன்றேதான்.

நேற்று ராத்திரி பேத்தி போனைக் கொண்டுவந்து காட்டினாள். முன்பின் தெரியாத ஒரு அம்மா, வேறு ஊர், அதே மாடல், மறைத்த மூன்று எண்ணுக்கு முன்னால் வரைக்கும் அதே நம்பர். ஷாக் எல்லாம் அடித்ததில்லையாம். சும்மா மகனை விட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். சத்தம் வரவில்லை என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே கம்பெனியின் பதிலும் வந்திருக்கிறது. ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்திற்கு வருந்துகிறார்களாம்.

காலையில் மெக்கானிக் பையனின் நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாவை, அரிசி ஊற வைக்க வேண்டாம், கடையில் மாவு வாங்கிக்கொள்ளச் சொல்லி பேத்தி எழுதியிருக்கிறாள்.